2019க்குப் பிறகு சீவியில் ஒன்றுமில்லையா?

"எனக்கு வயது 31. நோர்வூட் பக்கம் தோட்டமொன்றில் இருக்கிறேன். 2019இல் கலைப்பட்டம் முடித்தேன். அன்றிலிருந்து அரச வேலைக்குத்தான் படித்தேன். நிர்வாக சேவை 2 தடவை, கிராம உத்தியோகத்தர் 1 தடவை எழுதினேன். கிராம உத்தியோகத்தருக்கு நேர்முகம் வரை போனேன், நியமனம் வரவில்லை. ஆசிரியர் விண்ணப்பம் ஒன்று முடிவு வராமல் கிடக்கிறது. இப்போது ஹட்டனில் ஒரு நிதி நிறுவனக் கிளைக்கு ஆள் எடுக்கிறார்கள். பின்னேரங்களில் வீட்டில் 18 பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்ததைத் தவிர, 2019க்குப் பிறகு சீவியில் போட ஒன்றுமில்லை. டியூசன் சென்டர் ஒன்றில் கோஓடினேட்டராக இருந்ததாகப் போடச் சொல்கிறாள் தோழி. போன நேர்முகத்தில் 'இவ்வளவு காலம் என்ன செய்தீங்க' என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது. என்ன எழுத, என்ன சொல்ல?"

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த கோஓடினேட்டர் பதவியை விட்டுவிடுங்கள். தோழி நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் நீங்கள் போகப்போவது மற்றவர் காசைக் கையாளும் இடம். அங்கே சீவி ஒரு காகிதத்தோடு நிற்பதில்லை. நேர்முகத்தன்றோ வேலையில் சேரும் அன்றோ கம்பெனியின் சொந்த விண்ணப்பப் படிவம் ஒன்றைத் தருவார்கள். அதில் முன்பு வேலை செய்த இடம், சேர்ந்த திகதி, விலகிய திகதி, விலகிய காரணம், கடைசிச் சம்பளம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். மேலே சொன்னது பொய்யென்று தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கலாம் என்று அடியில் ஒரு வாசகமும், அதன் கீழே கையெழுத்து வைக்க ஒரு கோடும் இருக்கும். சீவியில் போட்டது அந்தக் கோட்டில் உங்கள் கையெழுத்தோடு பொய்யாகிவிடும்.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதி. ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தவருக்குத் தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமுமாகப் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். அதனால் புதிய இடத்தில் முன்னைய அங்கத்துவ இலக்கத்தைக் கேட்பார்கள். சேவைச் சான்றிதழும் கேட்பார்கள். சிறிய டியூசன் நிலையங்கள் பல சேமலாப நிதி கட்டுவதில்லை, அதனால் பிடிபடாது என்று தோழி சொல்லக்கூடும். ஆனால் ஹட்டனில் ஒரு கிளை முகாமையாளர் டியூசன் நிலையம் ஒன்றுக்குத் தொலைபேசி எடுக்க 2 நிமிடம் போதும். அவருடைய பிள்ளையே அங்கே படித்துக்கொண்டிருக்கலாம். இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. நீங்கள் உண்மையில் செய்த வேலை, அந்தப் பொய்ப் பதவியைவிட இந்த வேலைக்கு நெருக்கமானது. அதை மறைத்துவிட்டு இதைப் போடப் பார்க்கிறீர்கள்.

அதை எடுத்துக்காட்டுவதற்கு முன், "இவ்வளவு காலம் என்ன செய்தீங்க" என்ற கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் சோம்பேறியா என்று அவர் கேட்கவில்லை. இந்த நாட்டில் பட்டதாரி ஒருவர் அரச நியமனத்துக்குக் காத்திருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். அவருடைய தங்கையோ மச்சானோ அதே வரிசையில் நின்றிருப்பார். 2020, 2021இல் கொரோனா, 2022இல் பொருளாதார நெருக்கடி, அதற்குப் பின் இறுகிப்போன அரச ஆட்சேர்ப்பு எல்லாம் அவரும் கடந்து வந்தவைதான். அவருடைய பயம் ஒன்றே ஒன்று: அடுத்த வர்த்தமானி வந்ததும் நீங்கள் போய்விடுவீர்களா?

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. புதிதாக எடுத்த ஒருவர் கடன் கோப்புகளையும் வாடிக்கையாளர் முகங்களையும் பழகிப் பயன்படத் தொடங்கவே சில மாதம் எடுக்கும். பழகிய கையோடு அவர் அரச நியமனத்துக்குப் போனால் கிளை மறுபடி விளம்பரம் போட வேண்டும், மறுபடி பழக்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கிளை முகாமையாளர். ஆகவே கடந்த காலத்தை எவ்வளவு அழகாக விளக்கினாலும், இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைச் சொல்லாவிட்டால் அவருடைய கேள்வி அப்படியே நிற்கும். "படித்தேன், படித்தேன்" என்று சொல்லிப் பலர் தோற்பது இங்கேதான்.

இப்போது ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். 2019இலிருந்து இன்றுவரை மாதம் மாதமாகக் கோடு போடுங்கள். ஒவ்வொரு பரீட்சைக்கும் விண்ணப்பித்த மாதம், எழுதிய மாதம், பெறுபேறு வந்த மாதம் மூன்றையும் குறியுங்கள். அனுமதி அட்டைகளையும் பெறுபேற்றுத் தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் திகதி தவறாது. பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தாளில் ஒரே விஷயம்தான் தெரியவரும். மும்முரமாகப் படித்த காலம் ஒரு பரீட்சைக்கு 4, 5 மாதம்தான். மிச்சமெல்லாம் காத்திருப்பு: வர்த்தமானிக்கு, பரீட்சைத் திகதிக்கு, பெறுபேற்றுக்கு, நேர்முகக் கடிதத்துக்கு. சீவியில் போடவேண்டியது அந்தக் காத்திருப்பில் நீங்கள் செய்தது.

நீங்கள் வகுப்பு எடுத்தீர்கள். அதை ஒரு வரியில், "தவிர" என்ற சொல்லோடு எழுதியிருக்கிறீர்கள். கட்டணம் எழுதிவைத்த கொப்பி ஒன்று உங்களிடம் நிச்சயம் இருக்கும். அதைத் திறந்து ஒரு பக்கத்தைப் பாருங்கள். இடப்பக்கம் பெயர்கள், மேலே மாதங்கள், கட்டங்களில் சரி அடையாளம். சில கட்டங்களில் பாதிக் காசு, சில கட்டங்களில் "அடுத்த மாசம்" என்ற குறிப்பு. தோட்டத்தில் 10ஆம் திகதி சம்பளம் போட்ட பிறகு கட்டங்கள் நிரம்பியிருக்கும், மாதக் கடைசியில் வெறுமையாக இருக்கும். யார் வீட்டில் எந்தத் திகதியில் கேட்டால் காசு வரும், யாரிடம் பிள்ளைக்கு முன்னால் கேட்கக்கூடாது, யாருக்கு 2 மாதம் விட்டுப்பிடிக்கலாம் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். மலையகத்தில் ஒரு நிதி நிறுவனக் கிளையின் அன்றாட வேலையில் பெரும்பகுதி இதுதான். தவணை அறவீடு என்று அதற்குப் பெயர். கொழும்பிலிருந்து வரும் ஒருவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க மாதங்கள் ஆகும். உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆகவே சீவியில் 2019க்குப் பிறகு 2 பதிவுகள் வரட்டும். சீவி ஆங்கிலத்தில்தான் போகும், உள்ளடக்கத்தைத் தமிழில் சொல்கிறேன். எண்களையும் மாதங்களையும் உங்கள் கொப்பியைப் பார்த்து நிரப்புங்கள்.

முதலாவது, தொழில் அனுபவம் என்ற தலைப்பின் கீழ்:

"தனிப்பட்ட வகுப்பு ஆசிரியை, சுயதொழில், நோர்வூட். தொடங்கிய மாதம், வருடம் முதல் இன்றுவரை. 18 மாணவர். எந்தத் தரங்கள், எந்தப் பாடங்கள். மாதக் கட்டணம் அறவிடுதல், நிலுவைப் பதிவு, பெற்றோருடன் தொடர்பு."

சுயதொழில் என்ற சொல்லை விடாதீர்கள். அது உண்மை. அது இருந்தால் சேமலாப நிதி இலக்கம் இல்லாததற்கும் சேவைச் சான்றிதழ் இல்லாததற்கும் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. நிறுவனம், அகடமி என்றெல்லாம் பெயர் வைத்துப் பெரிதாக்கவும் வேண்டாம். வீட்டு முன்னறையில் நடந்தது என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது, கல்வித் தகைமைகளின் கீழ், பட்டத்துக்கு அடுத்ததாக:

"அரச போட்டிப் பரீட்சைகள், 2019 முதல் 2024 வரை. கிராம உத்தியோகத்தர் சேவை எழுத்துப் பரீட்சையில் தெரிவாகி நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்பட்டது."

அந்தக் கடைசி வருடம் உங்கள் தாளில் உள்ளபடி இருக்கட்டும். நிர்வாக சேவைப் பரீட்சை எழுதிய 2 தடவைகளையும் தனித்தனி வரியாகப் போட வேண்டாம். எழுதிய ஒவ்வொன்றையும் வருடத்தோடு அடுக்குபவர்கள் இருக்கிறார்கள். படிப்பவர் கண்ணுக்கு அது தோல்விகளின் அட்டவணையாகத் தெரிகிறது. எதில் அடுத்த படிக்குப் போனீர்களோ அதை மட்டும், கையில் கடிதம் இருந்தால் மட்டும் போடுங்கள். மற்றவை கேட்டால் வாயால் சொல்லிக்கொள்ளலாம். அரச பரீட்சைக்குப் படித்ததை அடியோடு எடுத்துவிடச் சொல்பவர்களும் உண்டு. அது சரிவராது. 31 வயதுப் பட்டதாரி ஏன் வீட்டில் வகுப்பு மட்டும் எடுத்தார் என்ற கேள்வி எழும், அதற்குப் பதில் எப்படியும் வர்த்தமானியில்தான் போய் முடியும். கேட்டு வெளியே வருவதைவிட எழுதியே இருப்பது நல்லது.

"பகுப்பாய்வுத் திறன் வளர்ந்தது, தலைமைத்துவம் வளர்ந்தது" போன்ற வரிகள் வேண்டாம். அரச பரீட்சைக்குப் படித்ததால் உண்மையில் கைக்கு வந்தது இரண்டு மூன்றுதான் இருக்கும். நேரம் வைத்து உளச்சார்பு வினாத்தாள் செய்த பழக்கத்தால் வீதக் கணக்கும் விகிதக் கணக்கும் வேகமாக வரும். வட்டிக் கணக்கு கேட்கும் இடத்தில் அது உதவும். பல நிறுவனங்கள் நேர்முகத்துக்கு முன் சிறிய எண்கணிதத் தாள் ஒன்று வைக்கும், அதில் நீங்கள் மற்றவர்களுக்கு முன்னால் நிற்பீர்கள். சுற்றறிக்கை ஒன்றைப் படித்து அதன் நிபந்தனைகளைப் பிரித்தெடுப்பதும் அப்படித்தான். இவற்றைச் சீவியில் எழுதுவதைவிடத் தாளில் செய்து காட்டுவது மேல்.

இனி நேர்முகம். பதில் ஒரு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. முதலில் நடந்தது, அடுத்து அந்தக் காலத்தில் செய்த வேலை, கடைசியில் இப்போது எடுத்த முடிவு. உங்களுக்கு இப்படி வரலாம்:

"2019இல் பட்டம் முடித்ததும் அரச சேவைக்குப் போக வேண்டும் என்று தீர்மானித்துப் படித்தேன். நிர்வாக சேவைப் பரீட்சையும் கிராம உத்தியோகத்தர் பரீட்சையும் எழுதினேன். கிராம உத்தியோகத்தருக்கு நேர்முகம் வரை போனேன், தெரிவாகவில்லை. அந்தக் காலத்தில் வீட்டில் 18 பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். கட்டணம் அறவிட்டது, நிலுவை எழுதியது, பெற்றோரிடம் பேசியது எல்லாம் நானே. தோட்டத்துக் குடும்பங்களில் காசு எப்போது வரும், எப்படிக் கேட்க வேண்டும் என்பது எனக்கு அதில்தான் பழகியது. நிர்வாக சேவைக்கு வயது தாண்டிவிட்டது. இனிப் புதிதாக எந்த அரச பரீட்சைக்கும் விண்ணப்பிப்பதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் இந்த வேலைக்குப் போட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் எழுதிக்கொண்டிருப்பார், சில விநாடி அமைதி இருக்கும். அந்த அமைதியை நிரப்பப் போய்த்தான் பலர் கெடுக்கிறார்கள். "ஆள் பிடித்தவர்களுக்குத்தான் சேர் கிடைக்கிறது", "தமிழ் மூலம் எழுதினால் அப்படித்தான்" என்று வாயில் வந்துவிடும். அதில் உண்மை இருப்பதாக நீங்கள் நம்பலாம். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், நாளை இந்தக் கிளையைப் பற்றியும் வெளியே இப்படித்தான் பேசுவார் என்று எடுத்துக்கொள்வார்.

போன தடவை கண் கலங்கியதற்குக் காரணம், அந்தக் கேள்விக்கான பதிலை நீங்கள் அதற்கு முன் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காததாகத்தான் இருக்கும். வீட்டில் யாரையாவது முன்னால் உட்கார வைத்து 10 தடவை சொல்லுங்கள். ஆறாவது ஏழாவது தடவையில் "தெரிவாகவில்லை" என்ற சொல் மற்றச் சொற்களைப் போலவே வந்துவிடும். அதே பதிலைச் சிங்களத்திலும் தயார் செய்யுங்கள். கிளை ஹட்டனில் இருந்தாலும் பிராந்திய முகாமையாளர் கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்து உட்காரலாம். முதல் இரண்டு வசனமாவது தடையில்லாமல் சிங்களத்தில் வந்தால், வாடிக்கையாளரிடம் பேச முடியுமா என்ற அடுத்த கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

வயதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிர்வாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சைக்கு 28 வயது எல்லை. அந்தக் கதவு மூடிவிட்டது என்று நீங்கள் சொன்னால் அதில் கேள்வி எழாது. ஆனால் கிராம உத்தியோகத்தருக்கு 35 வரை விண்ணப்பிக்க வழி இருந்தது, ஆசிரியர் ஆட்சேர்ப்பின் வயதெல்லை அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறுகிறது. அனுபவமுள்ள முகாமையாளர் மனதுக்குள் இதைக் கணக்குப் போடுவார். "எல்லாம் முடிந்துவிட்டது" என்று பொதுவாகச் சொன்னால் நம்பமாட்டார். எது மூடிவிட்டது, எதை நீங்களே விட்டுவிட்டீர்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். மேலே உள்ள பதிலில் இரண்டு வசனமாக இருப்பது அதற்காகத்தான்.

கிடப்பில் உள்ள ஆசிரியர் விண்ணப்பம்தான் இதில் கடினமான இடம். சீவியிலும் அந்த ஒரு நிமிடப் பதிலிலும் அதை நீங்களாகச் சொல்லத் தேவையில்லை. "புதிதாக விண்ணப்பிப்பதில்லை" என்பது பழைய விண்ணப்பம் இருக்கும்போதும் உண்மைதான். ஆனால் "எதற்காவது விண்ணப்பம் போட்டிருக்கிறீர்களா" என்று நேராகக் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். இப்படிச் சொல்லலாம்: "ஆசிரியர் விண்ணப்பம் ஒன்று முன்பே போட்டது, முடிவு வரவில்லை. அதற்காக நான் காத்திருக்கவில்லை. வந்தால் உங்களிடம்தான் முதலில் சொல்வேன், அறிவித்தல் காலத்தை முழுமையாக முடித்து, வேலையை ஒப்படைத்துவிட்டுத்தான் முடிவெடுப்பேன்." இதைக் கேட்டுச் சிலர் உங்களை எடுக்காமல் விடலாம். அந்த இழப்பு உண்மையானது. ஆனால் இல்லை என்று சொல்லிச் சேர்ந்து 4 மாதத்தில் நியமனக் கடிதத்தோடு போனால், அடுத்து எங்கே விண்ணப்பித்தாலும் அந்த முகாமையாளரின் பெயரைப் பரிந்துரையாளராகப் போட முடியாது.

மேலே எழுதிய வாக்கியங்களில் முடிவைப் பற்றியவை உங்கள் வாயில் உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். ஆசிரியர் நியமனம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு போய்விடுவேன் என்று உள்ளுக்குள் தெரிந்தால் வேலையைத் தெரிந்தெடுக்கும் விதத்தை மாற்றுங்கள். ஆட்கள் வந்து போவது வழக்கமான வேலைகள் இருக்கின்றன: வெளிக்கள அறவீடு, தரவுப் பதிவு, தொலைபேசி வாடிக்கையாளர் சேவை போன்றவை. அங்கே இந்தக் கேள்வி இவ்வளவு கூராக வராது. பயிற்சி கொடுத்து 2, 3 வருடம் பிணைமுறிக்குக் கையெழுத்து வாங்கும் இடங்கள் வேறு. அந்தக் காலத்துக்கு முன் விலகினால் கட்டவேண்டிய தொகை முறியில் எழுதியிருக்கும். விண்ணப்பம் கிடப்பில் இருக்கும்போது அந்தத் தொகையை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். நியமனக் கடிதத்தில் தகுதிகாண் காலத்துக்கு ஓர் அறிவித்தல் காலமும் அதற்குப் பிறகு வேறொன்றும் இருக்கலாம், இரண்டையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

"இவ்வளவு பெரிய பரீட்சைக்குப் படித்தவருக்கு எங்கள் வேலை சிறிதாகத் தெரியாதா" என்றும் கேட்கலாம். இதற்கு "எந்த வேலையும் செய்வேன்" என்பது பதிலல்ல. அந்தக் கிளை என்ன செய்கிறது என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு போங்கள். ஒரு நாள் வாடிக்கையாளர் போல உள்ளே போய், முச்சக்கரவண்டி லீசிங்கா, தங்க அடகா, சிறு கடனா எது அதிகம் என்று பாருங்கள், கைநூல் இருந்தால் எடுத்து வாருங்கள். அதில் ஒன்றைச் சொல்லி, அது உங்கள் ஊர் மக்களுக்கு எப்படிப் பயன்படுகிறது, எங்கே சிக்கலாகிறது என்று இரண்டு வசனம் பேசினால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

பரிந்துரையாளர் இருவரும் உறவினராக இருக்கக்கூடாது. ஒருவர் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருக்கட்டும். 6 வருடத்துக்குப் பிறகு உங்களை அவருக்கு நினைவிருக்காது, ஆகவே பெயரைப் போடுவதற்கு முன் எந்த வருடம், எந்தப் பாடம் என்று எழுதி அனுமதி கேளுங்கள். மற்றவர் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையின் அதிபராகவோ ஆசிரியராகவோ இருந்தால் மிக நல்லது. வகுப்பு உண்மையில் நடந்தது என்பதை உறுதிப்படுத்தக்கூடியவர் அவர்தான். இருவருக்கும் நீங்கள் அனுப்பும் சீவியின் பிரதியைக் கொடுத்துவையுங்கள். தொலைபேசி வரும்போது "அவ கவர்மண்ட் வேலைக்குத்தான் பார்த்துக்கிட்டு இருக்கா" என்று அன்போடு சொல்லிவைப்பது அடிக்கடி நடக்கிறது.

நேர்முகத்தன்று கோப்பில் பட்டச் சான்றிதழ், பெறுபேற்றுத் தாள், கிராம உத்தியோகத்தர் நேர்முகத்துக்கு அழைத்த கடிதம் மூன்றும் இருக்கட்டும். கட்டணக் கொப்பியைக் கொண்டுபோகாதீர்கள். அதில் 18 வீட்டு நிலுவை இருக்கிறது, அந்த வீடுகளில் சில அதே கிளையில் கடன் எடுத்திருக்கலாம். ஒரு பக்கத்தை எடுத்து, பெயர்கள் உள்ள பத்தியின் மேல் வெள்ளைத் தாளை வைத்து மறைத்து ஒரு போட்டோப் பிரதி எடுங்கள். "நிலுவையை எப்படி எழுதிவைத்தீர்கள்" என்று கேட்டால் அதை மேசையில் வையுங்கள்.